நாலு முறை அழுத்தப்பட்ட பட்டன்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஏசி சர்வீஸ் செய்பவர்களுக்கு சீசன். கூகுளில் விளம்பரம் கொடுக்கிறார்கள். விளம்பரத்தைத் தொட்டவர் நிறுவனத்தின் சர்வீஸ் பக்கத்துக்கு வந்து சேர்கிறார். எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு அனலிட்டிக்ஸில் இருக்கிறது, எத்தனை பேர் புக்கிங் செய்தார்கள் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. விலையைக் குறைக்கலாமா என்று முதலாளி யோசிப்பார். கலரை மாற்றலாம் என்பார் டிசைனர். பட்ஜெட்டை ஏற்றுங்கள் என்பார் விளம்பரம் பார்த்துக்கொள்பவர். வந்தவர் என்ன செய்தார் என்று மூவரில் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்.

அதைப் பார்ப்பதற்கென்றே இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று ஹீட்மேப், இன்னொன்று செஷன் ரெக்கார்டிங். ஹாட்ஜார், சோஹோவின் பேஜ்சென்ஸ், மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்று பல நிறுவனங்கள் இவற்றைத் தருகின்றன. கிளாரிட்டிக்குக் கட்டணம் இல்லை. அது 2020-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த பிறகு, தெருமுனைக் கடையின் இணையதளத்திலும் இந்த வசதியை வைத்துக்கொள்ள முடிகிறது. வைப்பது எளிது, சிறிய ஸ்கிரிப்ட் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினால் போதும். வந்து குவிவதைப் படிப்பதில்தான் பலர் வழி தவறுகிறார்கள்.

ரெக்கார்டிங் என்றதும் யாரோ கேமரா வைத்துப் படம் பிடித்தது போலத் தோன்றும். அப்படி இல்லை. பக்கம் திறந்ததும் அதன் கட்டமைப்பை அந்த ஸ்கிரிப்ட் குறித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு விரல் எங்கே பட்டது, பக்கம் எவ்வளவு நகர்ந்தது, எந்த மெனு திறந்தது என்பவற்றை நேரத்தோடு எழுதி அனுப்புகிறது. நாம் பார்க்கும்போது அந்தக் குறிப்புகளை வைத்துப் பக்கத்தை மறுபடி கட்டிக் காட்டுகிறார்கள். இது தெரிந்திருப்பது அவசியம். ரெக்கார்டிங்கில் ஒரு படம் உடைந்து தெரிந்தால் வந்தவருக்கும் அப்படித்தான் தெரிந்தது என்று முடிவு கட்டக் கூடாது. இடையில் நாம் அந்தப் படத்தையோ, பக்கத்தின் அலங்காரக் கோப்பையோ மாற்றியிருந்தால் மறுகட்டுமானம் கோணலாக வரும்.

இனி ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஏசி சர்வீஸ் நிறுவனம் ஒன்றின் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பல இடங்களில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சிக்கல்களைச் சேர்த்துக் கட்டிய மாதிரி, எண்கள் கணக்குக்கு வசதியாகப் போட்டவை. மொபைலில் 1,000 பேர் வருகிறார்கள். 240 பேர் புக்கிங் படிவத்தில் எதையாவது தொடுகிறார்கள். 60 பேர் முடிக்கிறார்கள். மேலே ஒரு பெரிய படம், அதன்கீழ் விலை அட்டைகள் மூன்று, பிறகு நிறுவனத்தின் அனுபவத்தைச் சொல்லும் நீலப் பட்டை, அதற்கும் கீழே படிவம். இதுதான் பக்கத்தின் அமைப்பு.

முதலில் ஸ்க்ரோல் மேப். வந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் எந்த ஆழம் வரை இறங்கினார்கள் என்பதை இது நிறத்தில் காட்டும். மேலே சிவப்பு, கீழே போகப் போக மஞ்சள், பச்சை, நீலம். கீழே நீலமாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், எல்லாப் பக்கத்திலும் அப்படித்தான் இருக்கும். மெல்லக் குறைவது இயல்பு. தேட வேண்டியது திடீர் சரிவை. நம் பக்கத்தில் விலை அட்டைகள் வரை 70 சதவீதம் பேர் வந்திருக்கிறார்கள், நீலப் பட்டைக்குக் கீழே 34 சதவீதம் பேர்தான் இருக்கிறார்கள். ஒரே திரை தூரத்தில் பாதிப் பேர் இல்லை.

பட்டையைப் போனில் பார்த்தால் காரணம் புரிந்துவிடும். திரையின் முழு அகலத்துக்கும் அடர் நீலம், நடுவில் லோகோ, கீழே இரண்டு வரி எழுத்து. பார்ப்பவருக்கு அது பக்கத்தின் அடிப்பாகம் போலவே இருக்கிறது. பக்கம் முடிந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பியிருக்கிறார்கள். படிவம் அதற்குக் கீழே இருப்பது அவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. கம்ப்யூட்டர் திரையில் அடுத்த பகுதியின் தலைப்பு கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அதனால் அங்கே இந்தச் சரிவு கிடையாது. மொபைல் மேப்பையும் கம்ப்யூட்டர் மேப்பையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். சேர்த்துப் பார்த்தால் ஒன்று இன்னொன்றின் குறையை மூடி மறைத்துவிடும்.

ஸ்க்ரோல் மேப் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரு இடத்தை 70 சதவீதம் பேர் அடைந்தார்கள் என்றால் 70 சதவீதம் பேர் அதைப் படித்தார்கள் என்று பொருளில்லை. விரலால் ஒரே இழுப்பில் கடந்து போனவரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்.

அடுத்தது கிளிக் மேப். நம் பக்கத்தில் மிகச் சிவந்த இடம் 'ஸ்பிளிட் ஏசி ஜெனரல் சர்வீஸ்' என்ற விலை அட்டை. இதைப் பார்த்து முதலாளிக்கு சந்தோஷம், விலை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்கிறார். ஆனால் அந்த அட்டை பட்டனே இல்லை. ஓரம் வளைந்து, லேசாக நிழல் விழுந்து, அழுத்தினால் ஏதோ திறக்கும் என்ற தோற்றத்தில் இருக்கும் வெறும் பெட்டி. தட்டுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி தட்டுகிறார்கள். இந்த வகைத் தட்டலை டெட் கிளிக் என்று கருவியே பிரித்துக் காட்டும். சிவப்பு என்பது ஆர்வத்தையும் காட்டலாம், முட்டி நிற்பதையும் காட்டலாம். அந்த இடத்தைத் தொட்டால் என்ன நடக்கும் என்று நாமே போனை எடுத்துத் தொட்டுப் பார்க்காமல் எந்தச் சிவப்புக்கும் அர்த்தம் சொல்லக் கூடாது.

கிளிக் மேப்பின் பின்னணியில் தெரியும் பக்கம் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒற்றைப் படம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. திறந்து மூடும் கேள்வி பதில் பகுதியோ, சலுகை சொல்லி எழும் பாப்அப்போ இருந்தால், அவற்றின்மேல் விழுந்த தட்டல்கள் வெறும் எழுத்தின்மேல் விழுந்தவை போலத் தோன்றலாம். சம்பந்தமில்லாத இடத்தில் ஒரு சிவப்புக் கொத்து தெரிந்தால் அந்த நேரத்தில் அங்கே வேறு எதாவது மிதந்துகொண்டிருந்ததா என்று முதலில் பாருங்கள்.

மேப் இரண்டும் சேர்ந்து எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டன. நடந்தது என்ன என்பதற்கு ரெக்கார்டிங் வேண்டும். ஆயிரக்கணக்கில் இருக்கும் ரெக்கார்டிங்குகளை வந்த வரிசையில் பார்க்க ஆரம்பித்தால், அரை மணி நேரத்தில் கண் சொக்கிவிடும், ஒன்றும் கிடைக்காது. கேள்வியை முதலில் முடிவு செய்துகொண்டு அதற்கேற்ப வடிகட்ட வேண்டும். நம் கேள்வி: படிவத்தைத் தொட்ட 240 பேரில் 180 பேர் ஏன் முடிக்கவில்லை? ஆகவே மொபைல், இந்தப் பக்கம், படிவத்தில் தட்டல் உண்டு, நன்றி சொல்லும் பக்கத்துக்குப் போகவில்லை என்று நான்கு வடிகட்டிகள் போடுகிறோம். நன்றிப் பக்கம் தனியாக இல்லாமல், அதே பக்கத்தில் ஒரு வரி மட்டும் மாறுகிறது என்றால், படிவம் வெற்றிகரமாகப் போனதும் ஒரு நிகழ்வைப் பதியும்படி டெவலப்பரிடம் முதலிலேயே சொல்லி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முடித்தவரையும் முடிக்காதவரையும் பிரிக்க வழியில்லை.

வடிகட்டிக் கிடைத்ததில் ஒன்றைப் பார்ப்போம். ஒருவர் விளம்பரத்திலிருந்து வருகிறார். ஒன்பதாவது விநாடியில் விலை அட்டையைத் தட்டுகிறார், உடனே இன்னொரு முறை. கீழே இறங்குகிறார், நீலப் பட்டை வந்ததும் மேலே திரும்புகிறார். மெனுவைத் திறந்து 'புக்கிங்' என்பதைத் தட்டவும் பக்கம் படிவத்துக்குத் தாவுகிறது. பெயர் எழுத்து எழுத்தாக ஏறுகிறது. போன் எண் ஒரே தாவலில் மொத்தமாக வந்து உட்காருகிறது. பின்கோடு முடிந்தது. அடுத்த கட்டம் 'ஏசி மாடல் எண்', பக்கத்தில் கட்டாயம் என்பதற்கான நட்சத்திரக் குறி. அங்கே எல்லாம் நின்றுவிடுகிறது. முக்கால் நிமிடம், ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பிறகு ஏதோ டைப் செய்கிறார். 'பதிவு செய்' பட்டனைத் தட்டுகிறார். திரை அசையவில்லை. மறுபடி தட்டுகிறார். நாலாவது தட்டலுக்குப் பிறகு ஆறு விநாடி காத்திருந்துவிட்டு வெளியேறுகிறார்.

இதைப் பார்த்துவிட்டு என்ன எழுதி வைக்கிறோம் என்பது முக்கியம். 'கோபப்பட்டுப் போய்விட்டார்' என்று எழுதினால் அது நம் கதை. 'பட்டனை நாலு முறை தட்டினார், திரையில் மாற்றம் இல்லை, ஆறு விநாடியில் வெளியேறினார்' என்று எழுதினால் அது நடந்தது. கண்ணில் பட்டதை மட்டும் ஒரு நோட்டில் குறியுங்கள்: எந்த இடத்தில் நின்றார், அதற்கு முந்தைய நொடி என்ன செய்தார், அடுத்து என்ன செய்தார். பத்து இருபது ரெக்கார்டிங் இப்படிக் குறித்தால் அதே இரண்டு மூன்று வரிகள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கும். புதிதாக எதுவும் வராத கட்டத்தில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரே ஒரு ரெக்கார்டிங்கைப் பார்த்துவிட்டுப் பக்கத்தை மாற்றக் கிளம்புகிறவர்கள் நிறைய. அது ஒருவரின் அவசரமாகவும் இருக்கலாம், அவர் வீட்டில் யாரோ கூப்பிட்டதாகவும் இருக்கலாம்.

இப்போது அந்த நாலு தட்டல். எண்களைப் பார்க்க முடியாது, கருவி அவற்றை மறைத்துப் புள்ளிகளாகக் காட்டுகிறது. ஆனால் ஒரு தடயம் இருக்கிறது. போன் எண் எழுத்து எழுத்தாக ஏறவில்லை, மொத்தமாக வந்தது. அதாவது பிரவுசர் சேமித்து வைத்திருந்த எண்ணைத் தானாக நிரப்பியிருக்கிறது. நம் போனில் அதேபோல் நிரப்பிப் பார்த்தால் விஷயம் வெளியே வருகிறது. எண்ணுக்கு முன்னால் +91 சேர்ந்து வருகிறது. படிவமோ பத்து இலக்கத்தைத் தவிர வேறு எதையும் ஏற்காது. 'சரியான எண்ணைத் தரவும்' என்ற எச்சரிக்கை வரத்தான் செய்கிறது, ஆனால் படிவத்தின் தலைமாட்டில் வருகிறது. போனில் பட்டன் இருக்கும் இடத்துக்கும் அதற்கும் இரண்டு திரை தூரம். தட்டியவர் கண்ணுக்கு எதுவுமே நடக்கவில்லை.

ரெக்கார்டிங் சந்தேகத்தைத் தந்தது, நம் போனில் திரும்பச் செய்து பார்த்ததுதான் உறுதி செய்தது. இந்த இரண்டாவது வேலையைத் தவிர்க்கவே கூடாது. திருத்தம் சிறியது. வந்தவர் எண்ணை எப்படிக் கொடுத்தாலும் நாமே சுத்தம் செய்துகொள்ள வேண்டும்:

```
let n = raw.replace(/\D/g, "");
if (n.length === 12 && n.startsWith("91")) n = n.slice(2);
if (n.length === 11 && n.startsWith("0")) n = n.slice(1);
```

முதல் வரி இலக்கம் அல்லாத எல்லாவற்றையும் நீக்குகிறது. அடுத்த இரண்டும் முன்னால் ஒட்டிக்கொண்ட 91-ஐயும் பூஜ்யத்தையும் எடுத்துவிடுகின்றன. மிச்சம் பத்து இலக்கமா என்று அதற்குப் பிறகு பார்த்தால் போதும். அப்படியும் தவறு இருந்தால், எச்சரிக்கை அந்தக் கட்டத்துக்கு நேர் கீழே வர வேண்டும், பக்கமும் தானே அங்கே நகர வேண்டும்.

மாடல் எண்ணில் விழுந்த ஒன்றரை நிமிட மௌனத்துக்கு என்ன காரணம்? ரெக்கார்டிங் இதற்குப் பதில் சொல்லாது. ஸ்டூல் போட்டு ஏறி ஏசியின் ஸ்டிக்கரைப் பார்த்திருக்கலாம், பழைய பில்லைத் தேடியிருக்கலாம், டீ குடிக்கப் போயிருக்கலாம். இங்கே கேட்க வேண்டியவர் நிறுவனத்தில் போன் எடுப்பவர். அவரிடம் கேட்டால், "மாடல் நம்பரா? நாங்க யார்கிட்டயும் அதைக் கேட்கிறதே இல்லையே சார். எத்தனை டன்னுன்னு மட்டும் கேட்போம், தெரியலைன்னா மெக்கானிக் போய்ப் பார்த்துக்குவார்" என்கிறார். படிவத்தை அமைத்தபோது யாரோ சேர்த்த கட்டம் அது, அதற்குப் பிறகு அந்தத் தகவலை எவரும் பயன்படுத்தியதில்லை. அதை எடுத்துவிட்டு '1 டன், 1.5 டன், 2 டன், தெரியாது' என்று நான்கு பட்டன் வைத்தால் முடிந்தது. 'தெரியாது' என்ற நாலாவது பட்டனைச் சிலர் தேவையில்லை என்பார்கள். என்னைக் கேட்டால் நான்கில் அதுதான் கட்டாயம் இருக்க வேண்டியது.

முடிக்காத 180 பேரும் கைவிட்டுப் போனவர்கள் என்று கணக்குப் போடுவதும் தப்பு. நம் ஊரில் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு 'எதுக்கு வம்பு' என்று போன் போடுகிறவர்கள் அநேகம். போன் எண்ணைத் தொட்டதும் பக்கம் பின்னால் போய்விடும், ரெக்கார்டிங்கில் அது வெளியேறியது போலவே தெரியும். வாட்ஸ்அப் ஐகானைத் தொட்டவர் கதையும் அதேதான். இந்த இரண்டு தட்டல்களையும் தனி நிகழ்வுகளாகப் பதிந்து வைத்து, அவற்றைச் செய்தவர்களை முடிக்காதவர் பட்டியலிலிருந்து கழிக்க வேண்டும். அவர்கள் வாடிக்கையாளர்கள்.

ஏமாற்றும் பதிவுகளும் உண்டு. அலுவலகத்தில் உள்ளவர்கள் நாள் முழுக்க அதே பக்கத்தைத் திறந்து பார்ப்பார்கள். அந்த ஐபி முகவரியை விலக்கி வைக்காவிட்டால் மேப் அவர்களுடையதாகிவிடும். ஒரே இடத்தில் வேக வேகமாகத் தட்டுவதை ரேஜ் கிளிக் என்று கருவி கொடியிட்டுக் காட்டும். ஆனால் படங்களை நகர்த்தும் அம்புக்குறியையும், எண்ணிக்கையைக் கூட்டும் பிளஸ் குறியையும் யாரும் அப்படித்தான் தட்டுவார்கள். அங்கே வரும் கொடியைப் பார்த்து யாரும் கவலைப்படத் தேவையில்லை. கிளாரிட்டியில் சாதாரண ரெக்கார்டிங்குகள் 30 நாள்தான் இருக்கும். முக்கியமானவற்றை நட்சத்திரமிட்டு வைக்காமல் அடுத்த மாதம் தேடினால் கிடைக்காது.

இத்தனையும் அடுத்தவர் விரல் அசைவைப் பார்க்கும் வேலை என்பதால் ஒரு எல்லைக்கோடு வேண்டும். 2017 நவம்பரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த ரெக்கார்டிங் ஸ்கிரிப்ட்களை ஆராய்ந்து வெளியிட்ட செய்தி பெரிய பரபரப்பைக் கிளப்பியது. அதிகம் பேர் பார்க்கும் 50,000 இணையதளங்களில் 482-இல் இவை இயங்கியதைக் கண்டார்கள். சில இடங்களில் கடவுச்சொல், கார்டு விவரம், நோய் விவரம் போன்றவை மறைப்பிலிருந்து நழுவி மூன்றாம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. இன்றைய கருவிகள் படிவத்தில் டைப் செய்வதைத் தாமாகவே மறைக்கின்றன. ஓட்டை வேறு இடத்தில் இருக்கும். படிவம் போன பிறகு, 'உங்கள் முகவரி இதுதானே?' என்று பக்கமே அதைத் திருப்பி எழுதிக் காட்டினால், அது கட்டத்தில் டைப் செய்தது அல்ல, பக்கத்தின் உள்ளடக்கம். கிளாரிட்டியில் அப்படிப்பட்ட பகுதிக்கு `data-clarity-mask="true"` என்று சேர்த்து நாமேதான் மறைக்க வேண்டும். மறைத்த பிறகு உங்கள் பெயரையே கொடுத்து ஒரு புக்கிங் செய்து, அந்த ரெக்கார்டிங்கை எடுத்துப் பாருங்கள். எங்காவது உங்கள் பெயர் படிக்கும்படி இருந்தால் வேலை முடியவில்லை. பதிவு நடக்கிறது என்பதை வருகிறவருக்குச் சொல்லி ஒப்புதல் வாங்குவதும் நம் பொறுப்பு. இந்தியாவில் 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தகவலைக் கையாள்பவருக்கு இந்தக் கடமையை விதிக்கிறது.

சரி, பட்டையை வெளிர்நிறமாக்கிப் படிவத்தை மேலே கொண்டுவந்தாயிற்று, அட்டையைத் தொட்டால் படிவம் திறக்கிறது, போன் எண் சிக்கல் தீர்ந்தது, மாடல் எண் போயிற்று. பலன் கிடைத்ததா என்று எதை வைத்துச் சொல்வது? மொத்த புக்கிங் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. ஏப்ரலில் திருத்தி மே மாதத்தில் எண்ணினால் வெயிலே அதைக் கூட்டிவிடும், மழை பிடித்தால் குறைத்துவிடும். படிவத்தைத் தொட்டவர்களில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்ற விகிதம்தான் இங்கே அளவுகோல். முன்பு 240-க்கு 60, அதாவது நாலில் ஒருவர். இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. படிவம் மேலே வந்துவிட்டதால் சும்மா தொட்டுப் பார்ப்பவர்களும் கூடுவார்கள், விகிதம் கொஞ்சம் இறங்கியது போலக்கூடத் தெரியலாம். ஆகவே வந்தவர்களில் முடித்தவர்கள் என்ற விகிதத்தையும், 1,000-க்கு 60 என்பதையும், பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு திருத்தத்தையும் ஒரே நாளில் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அப்பட்டமான பழுதுகளை ஒவ்வொரு வாரமாகத் தள்ளிவைத்துச் சோதிக்க எந்தக் கடைக்காரருக்கும் பொறுமை இருக்காது, இருக்கவும் வேண்டியதில்லை.

திருத்திய பிறகு அதே நான்கு வடிகட்டியோடு ரெக்கார்டிங்கை மறுபடி பார்க்கும்போது தேக்கம் இடம் மாறியிருக்கும். இப்போது ஒருவர் பெயர், எண், டன் எல்லாவற்றையும் அரை நிமிடத்தில் முடித்துவிட்டுத் தேதிக்கு வருகிறார். நாளையைத் தொடுகிறார், சாம்பல் நிறம், திறக்கவில்லை. மறுநாள், அதுவும் அப்படியே. அடுத்த நாளும் நிரம்பிவிட்டது. நாலாவது நாள் காலியாக இருந்தும் அதைத் தொடாமல் போய்விடுகிறார். அடுத்தவரும் அப்படியே, அதற்கடுத்தவரும் அப்படியே. இந்த ரெக்கார்டிங்குகளை டிசைனரிடம் காட்டிப் பயனில்லை. இன்னும் இரண்டு மெக்கானிக் வேண்டும் என்று முதலாளியிடம்தான் காட்ட வேண்டும்.